அப்பாவுக்குப் பக்கவாதம்: ஆபீசில் லீவு கேட்பது எப்படி?

"தந்தைக்கு உடல்நலம் சரியில்லை. ஊருக்குச் செல்ல வேண்டியிருப்பதால் பதினைந்து நாள் லீவு தந்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

தில்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் நிர்வாகப் பிரிவில் பல வருஷம் இருந்தவன் என்பதால், இந்த இரண்டு வரியை எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. எழுதியவர் பொய் சொல்லவில்லை. ஆனாலும் இப்படி எழுதியவர்களில் பலர் பதினைந்தாவது நாள் போன் செய்து, "சார், இன்னொரு பத்து நாள் நீட்டிக்க முடியுமா?" என்று கேட்பார்கள். பிறகு இன்னொரு வாரம். மூன்றாவது முறை கேட்கும்போது மேலதிகாரியின் முகம் மாறிவிடும். அப்பாவை அரைகுறையாக விட்டுவிட்டு மகன் ரயில் ஏறுவார்.

தப்பு எங்கே என்றால், அந்தப் பதினைந்து நாள் என்கிற எண்ணில்தான். அது பக்கவாதத்தின் போக்கைப் பார்த்து வந்த எண் அல்ல, பதற்றத்தில் வாயில் வந்த எண். ஊரைவிட்டு இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி வேலை பார்க்கிற நம் குடும்பங்களுக்கு இது என்றைக்கும் வரக்கூடிய விஷயம். ஆகவே நான் பக்கத்தில் இருந்து பார்த்த ஒரு கேஸை வைத்தே இதை விளக்குகிறேன்.

பெயரில்லாத லீவு

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பிரசவத்துக்கு லீவு உண்டு. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, 2008 முதல் பெண் ஊழியர்களுக்கு, பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து 730 நாள் உண்டு. ஆனால் வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்வதற்கு என்று பெயர் வைத்த லீவு மத்திய அரசு விதிகளில் இல்லை. 2025 ஜூலையில் மாநிலங்களவையில் இதைப் பற்றிக் கேள்வி வந்தபோது அமைச்சர் சொன்ன பதில் இதுதான்: வருஷத்துக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு, 20 நாள் அரைச்சம்பள விடுப்பு, 8 நாள் தற்செயல் விடுப்பு, 2 நாள் விருப்ப விடுமுறை இருக்கின்றன, பெற்றோரைக் கவனிப்பது உட்பட எந்தச் சொந்தக் காரணத்துக்கும் அவற்றை எடுத்துக்கொள்ளலாம்.

அதாவது துணி இருக்கிறது, சட்டையை நாம்தான் தைத்துக்கொள்ள வேண்டும். ஈ.எல். எனப்படும் ஈட்டிய விடுப்பு முழுச் சம்பளம். அரைச்சம்பள விடுப்புக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதியும் அந்தப் பாதிக்கு உண்டான பஞ்சப்படியும் வரும். சொந்தக் காரணத்துக்கு இதைக் கேட்க மருத்துவச் சான்று கட்டாயமில்லை. இரண்டும் தீர்ந்தால் சம்பளமே இல்லாத அசாதாரண விடுப்பு. இவற்றை எந்த வரிசையில், எந்தத் தேதிகளுக்குக் கேட்பது என்பதுதான் விஷயம்.

ஆஸ்பத்திரி நாளும் வீட்டு நாளும்

நண்பர் ஒருவருக்கு ஆகஸ்ட் 4 இரவு கும்பகோணத்திலிருந்து போன். அப்பாவுக்கு 76 வயது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் குழறுகிறது. மறுநாள் காலை விமானத்தில் கிளம்பியவர், போகிற வழியிலேயே ஆபீசுக்குத் தகவல் அனுப்பினார்: ஆகஸ்ட் 5 முதல் 19 வரை பதினைந்து நாள். கோயம்புத்தூரில் ஆசிரியையாக இருக்கிற தங்கையும் அன்றே வந்துவிட்டாள். சித்தப்பா, பெரியம்மா பையன்கள் என்று ஆஸ்பத்திரி வராந்தா நிறைய ஆள்.

நான்காவது நாள் என்னிடம் பேசினார். "டாக்டர் எப்ப வீட்டுக்கு அனுப்பறதா சொல்றார்?" என்று கேட்டேன். "பதினாலாம் தேதி வாக்கில சார்." "அப்ப, அப்பா வீட்டுக்கு வந்த அஞ்சாம் நாள் நீங்க தில்லி திரும்பிடுவீங்க. அதுக்கப்புறம் யாரு?" அவரிடம் பதில் இல்லை. அம்மாவுக்கு 70 வயது, முழங்கால் வலி.

பக்கவாதத்தில் இதைத்தான் நாம் கவனிப்பதில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் இருக்கிறார், வார்டு பாய் இருக்கிறார், பார்க்க வருகிற சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள். வீட்டுக்கு வந்த அன்று எல்லோரும் போய்விடுவார்கள். ஆனால் உண்மையான வேலை அன்றுதான் ஆரம்பிக்கிறது.

படுக்கையில் தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வந்துவிடும். விழுங்கும் தசை பலவீனமாக இருப்பவருக்குச் சாதாரணத் தண்ணீர்கூட மூச்சுக்குழாயில் போய் நிமோனியாவில் கொண்டுவிடலாம். நிமிர்த்தி உட்காரவைத்து, டாக்டர் சொன்ன பதத்தில், சிறிது சிறிதாகத்தான் கொடுக்க வேண்டும். சாப்பிடும்போது இருமல், சாப்பிட்டபின் குரலில் ஈரக் கரகரப்பு, காரணமில்லாத காய்ச்சல் இவை வந்தால் அது எச்சரிக்கை. விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது, தோள்மூட்டு நழுவிவிடும்.

நண்பரின் அப்பாவுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. மூளையின் வலது பக்கம் பாதிக்கப்பட்டு இடது பக்கம் விழுந்தவர்களில் சிலருக்கு, தன் இடது பக்கம் விழுந்துவிட்டது என்பதே மனசில் படியாது. "எனக்கு ஒண்ணும் இல்லடா, நானே எழுந்துக்குவேன்" என்று ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டிலை விட்டு இறங்கப் பார்ப்பார்கள். பிடிவாதம் என்று நினைத்து நாம் கோபப்படுகிறோம். அது நோயின் ஒரு பகுதி. இப்படிப்பட்டவருக்கு இரவும் பகலும் கூடவே ஒரு திடமான ஆள் வேண்டும். விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் கதை வேறாகிவிடும்.

அதோடு, கை கால் திரும்புவதும் பேச்சு தெளிவதும் முதல் மூன்று மாதத்தில்தான் வேகமாக நடக்கும். பிறகும் முன்னேற்றம் உண்டு, ஆனால் வேகம் குறையும். பிசியோதெரபிஸ்ட் தினம் ஒரு மணி நேரம் வந்து போவார். மீதி நேரத்தில் அவர் சொன்னதைச் செய்யவைப்பது வீட்டு ஆள்தான். ஆக, லீவு அதிகம் தேவைப்படுவது இந்த வாரங்களுக்கு.

முதலில் தங்கையை, "நீ இப்போ ஸ்கூலுக்குத் திரும்பிப் போ, உன் லீவை அக்டோபருக்கு வைத்துக்கொள்" என்று அனுப்பச் சொன்னேன். அண்ணனும் தங்கையும் ஒரே வாரத்தில் லீவைச் செலவழிப்பது அன்பால் செய்கிற தப்பு.

கணக்கு

நண்பரின் கணக்கில் அன்று ஈ.எல். 74 நாள், அரைச்சம்பள விடுப்பு 96 நாள் இருந்தன. எப்படிப் பிரிப்பது?

ஈ.எல். முழுச் சம்பளம் என்பதால் அதையே முழுக்க எடுத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் ஓய்வுபெறும்போது 300 நாள் வரை காசாகக் கிடைப்பதும் இதுதான்; மறுபடி அவசரம் வந்தால் சம்பளம் குறையாமல் கை கொடுப்பதும் இதுதான். அரைச்சம்பள விடுப்பு பெரும்பாலானவர்கள் கணக்கில் சும்மா சேர்ந்து கிடக்கும். ஆனால் அதில் வருமானம் பாதியாகும். அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபாய் என்றால் ஒரு மாதத்துக்கு 30,000 ரூபாயும் அதற்கான பஞ்சப்படியும்தான். வீட்டுக் கடன் தவணையோ பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸோ பாதியாகாது. ஆஸ்பத்திரிச் செலவு குவிகிற முதல் மாதத்தில் சம்பளம் குறையக் கூடாது. ஆகவே முன்பகுதிக்கு ஈ.எல்., பின்பகுதிக்கு அரைச்சம்பளம் என்று வைத்தோம். ஒருவேளை உங்கள் கணக்கில் ஈ.எல். 300-ஐத் தொட்டு நின்றால், மேலே சேர்வது வீணாகத்தான் போகும். அப்போது யோசிக்காமல் ஈ.எல். எடுங்கள்.

ஆகஸ்ட் 5 முதல் செப்டம்பர் 18 வரை 45 நாள் ஈ.எல்.; செப்டம்பர் 19 முதல் அக்டோபர் 18 வரை 30 நாள் அரைச்சம்பளம். மொத்தம் 75 நாள். மீதி ஈ.எல். 29, அரைச்சம்பளம் 66. ஜனவரி 1-ம் தேதி வழக்கம்போல 15 நாளும் 10 நாளும் வரவு வந்தால் 44-ம் 76-ம் ஆகிவிடும். இரண்டாவது அவசரத்துக்கும் கையிருப்பு உண்டு.

சம்பளமில்லாத அசாதாரண விடுப்பை நாங்கள் தொடவே இல்லை. சம்பளம் போவது மட்டும் அதன் விலை அல்ல. நம் சொந்த நோய்க்கான மருத்துவச் சான்று இல்லாமல் எடுத்தால் வருடாந்தர ஊதிய உயர்வு தள்ளிப்போகும்; அடுத்த அரையாண்டில் வரவாகும் ஈ.எல்.-லும் அந்த நாட்களில் பத்தில் ஒரு பங்கு குறையும். வேறு வழியே இல்லாதபோதுதான் அது.

டாக்டரிடம் கேட்க வேண்டிய கடிதம்

விண்ணப்பத்தோடு டிஸ்சார்ஜ் சீட்டை மட்டும் இணைத்தால் போதாது. அதில் ஸ்கேன் முடிவும் மருந்துப் பெயர்களும் இருக்கும். அதைப் படித்து, "இவருக்கு மகன் ஏன் 75 நாள் வேண்டும்?" என்று அதிகாரியால் தெரிந்துகொள்ள முடியாது. டாக்டரிடம் அரைப் பக்கத்தில் தனிக் கடிதம் கேளுங்கள். அதில் நான்கு விஷயம் வேண்டும்: நோய் என்ன, எந்தத் தேதியில் வந்தது, தானாக எதையெல்லாம் செய்ய முடியாது, எவ்வளவு காலத்துக்கு இரவு பகல் துணை தேவை, அடுத்த பரிசோதனை எப்போது.

இரண்டாவது விஷயத்துக்கு டாக்டர்களிடம் ஒரு அளவுகோல் உண்டு. பார்த்தெல் அளவுகோல் என்பார்கள். சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, நடப்பது என்று பத்துக் காரியங்களுக்குச் சேர்த்து 100 மதிப்பெண். நண்பரின் அப்பாவுக்கு டிஸ்சார்ஜ் அன்று 25. "அப்பா ரொம்ப முடியாமல் இருக்கிறார்" என்று எழுதுவதற்கும், "100-க்கு 25" என்று டாக்டர் கையெழுத்திட்டுக் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் ஆபீசில் நன்றாகத் தெரியும். பிறகு லீவை நீட்டிக்கக் கேட்கும்போதும் இந்த எண் உதவும்.

விண்ணப்பம்

படிவம் 1-ல் எழுதுவதோடு ஒரு கடிதமும் இணைக்கச் சொன்னேன். ஆங்கிலத்தில் போன கடிதத்தின் சாரம் இது:

"ஐயா, என் தந்தைக்கு (வயது 76) ஆகஸ்ட் 4 அன்று பக்கவாதம் ஏற்பட்டு இடது பக்கம் செயலிழந்துள்ளது. 14-ம் தேதி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இரவு பகல் துணை தேவை என்ற மருத்துவரின் கடிதம் இணைப்பில் உள்ளது. வீட்டில் 70 வயதான தாயார் மட்டுமே இருக்கிறார். ஆகவே ஆகஸ்ட் 5 முதல் 45 நாள் ஈட்டிய விடுப்பும், தொடர்ந்து 30 நாள் அரைச்சம்பள விடுப்பும், தலைமையிடத்தைவிட்டு வெளியே தங்க அனுமதியும் வேண்டுகிறேன். 5-ம் தேதி அனுப்பிய விண்ணப்பத்துக்குப் பதிலாக இதை ஏற்றுக்கொள்ளவும். என்னிடமுள்ள மூன்று கோப்புகளின் நிலை தனித்தாளில் உள்ளது. அக்டோபர் 19 முதல் என் சகோதரி பொறுப்பேற்பார். விடுப்புக்கால முகவரியும் தொலைபேசி எண்ணும் கீழே."

இதில் இரண்டு வாக்கியம் முக்கியம். ஒன்று, கோப்புகளைப் பற்றியது. லீவு என்பது உரிமை அல்ல. வேலை அவசரம் இருந்தால் மறுக்கலாம் என்று 1972-ம் வருஷத்து விடுப்பு விதிகளில் 7-ம் விதி சொல்கிறது. அதிகாரியின் கவலை நம் அப்பா மட்டுமல்ல, அந்தக் கோப்புகளும்தான். அதற்குப் பதிலை நாமே சொல்லிவிட்டால் மறுக்கிற காரணம் பாதி போய்விடும். இரண்டாவது, சகோதரி வருவார் என்பது. இந்த லீவுக்கு முடிவு உண்டு என்று அது காட்டுகிறது.

அதே 7-ம் விதி நமக்கும் ஒரு பாதுகாப்பு தருகிறது. அதிகாரி லீவை மறுக்கலாம், ஆனால் நாம் கேட்ட வகையை அவராக மாற்ற முடியாது. கணக்கில் இருக்கிற ஈ.எல்.-ஐக் கேட்டால், நாம் எழுதிக் கொடுக்காமல் அதை அரைச்சம்பளமாகப் போட முடியாது.

தவறுகிற இடங்கள்

நண்பர் முதலில் அனுப்பிய தகவலில் ஒரு பிழை இருந்தது. முதல் சில நாளைச் சி.எல்., மீதியை ஈ.எல். என்று கேட்டிருந்தார். தற்செயல் விடுப்பை வேறு எந்த லீவோடும் ஒட்டவைக்க முடியாது. ஆகவே முதல் நாளிலிருந்தே ஈ.எல். என்று திருத்தினோம். சி.எல். மிச்சமானது, பிற்பாடு அப்பாவைப் பரிசோதனைக்கு அழைத்துப்போக அது தனியாக உதவியது.

இன்னொரு தவறு ஆபத்தானது. "தெரிஞ்ச டாக்டர்கிட்ட எனக்கே முதுகுவலின்னு சர்டிபிகேட் வாங்கிடறேன் சார், முழுச் சம்பளம் வந்துடும்" என்று சிலர் கேட்பார்கள். அது மாற்றிய விடுப்பு என்கிற வகை. ஒரு நாளைக்கு அரைச்சம்பள விடுப்பில் இரண்டு நாள் கழியும். ஆபீஸ் வேறு டாக்டரிடம் பரிசோதனைக்கு அனுப்பலாம். வேலைக்குத் திரும்பத் தகுதிச் சான்றும் வேண்டும். பொய்ச் சான்று என்று தெரிந்தால் ஒழுங்கு நடவடிக்கை. அப்பாவின் நோய் உண்மை, அதையே எழுதினால் போதும்.

மூன்றாவது, சொல்லாமல் தங்கிவிடுவது. லீவு முடிந்தும் வராத நாட்களுக்குச் சம்பளம் கிடையாது. ஆனால் அந்த நாட்கள் அரைச்சம்பளக் கணக்கிலிருந்து கழிந்துவிடும். நடவடிக்கையும் வரலாம். நீட்டிப்புக் கடிதம் லீவு முடிவதற்கு முன்பே ஆபீசில் இருக்க வேண்டும். அவசரத்தில் தவறான வகையைக் கேட்டுவிட்டால், அந்த லீவு முடிந்த 30 நாளுக்குள் வகையை மாற்றக் கோரலாம். அதற்கு 10-ம் விதி இடம் தருகிறது.

கம்பெனியில் வேலை என்றால்

தனியார் வேலையில் இருப்பவர்களுக்கு இவ்வளவு அடுக்கு இல்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி, வருஷத்தில் 180 நாள் வேலை செய்த தொழிலாளிக்கு 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு லீவு உண்டு. 30 நாள் வரை அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோகலாம். அதிலும் பெற்றோரைக் கவனிக்கத் தனி லீவு இல்லை. மேலாளர் நிலையில் இருப்பவர்களுக்கு நியமனக் கடிதமும் கம்பெனி விதியும்தான். ஆகவே இருக்கிற லீவு, அதன்பின் வீட்டிலிருந்து வேலை, அதன்பின் சம்பளமில்லா லீவு என்று தேதி போட்டு, ஒரே கடிதத்தில் கேளுங்கள். வீட்டிலிருந்து வேலையை முதல் மாதத்துக்குக் கேட்காதீர்கள். இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்கவைக்கிற நாட்களில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார முடியாது. சம்பளமில்லா லீவுக்கு அனுமதி எழுத்தில் வர வேண்டும். "பார்த்துக்கலாம், போயிட்டு வாங்க" என்ற வாய்வார்த்தை, மேலதிகாரி மாறினால் காற்றோடு போய்விடும்.

முடிவு என்ன ஆயிற்று?

நண்பரின் ஆபீஸ் 75 நாளையும் ஒரேயடியாகத் தரவில்லை. ஈ.எல். 45 நாளைக் கொடுத்துவிட்டு, அரைச்சம்பளத்தை "பிறகு பார்க்கலாம்" என்றது. அதனால் நஷ்டமில்லை, முழுத் திட்டமும் ஏற்கெனவே கோப்பில் ஏறியிருந்தது. செப்டம்பர் 8-ம் தேதி மறுபரிசோதனைக் கடிதத்தை இணைத்து மறுபடி எழுதினார். அப்பாவின் மதிப்பெண் 45 ஆகியிருந்தது. முன்னேற்றம் உண்டு, ஆனாலும் தனியே விட முடியாது என்று அந்த எண்ணே சொன்னது. 18-ம் தேதிக்கு முன்பே உத்தரவு வந்துவிட்டது.

அக்டோபர் 17 அன்று தங்கை கும்பகோணம் வந்தாள். அண்ணனிடம் இரண்டு நாள் கூட இருந்து, அப்பாவை நாற்காலிக்கு மாற்றுவதையும் சாப்பாடு கொடுக்கும் பதத்தையும் கற்றுக்கொண்டாள். அப்போது அப்பா நாலு கால் கோலை ஊன்றி, பக்கத்தில் ஒருவர் நிற்க, கழிப்பறை வரை நடந்தார். இடது கை முழுதாகத் திரும்பவில்லை. பகலுக்கு ஒரு ஆள் வைத்தார்கள். நண்பர் சொன்ன தேதியில் வேலையில் சேர்ந்தார்.

மாதங்கள் கழிந்தும் ஊனம் நிலைத்துவிட்டால் அரசு டாக்டரிடம் ஊனச் சான்று வாங்கி வையுங்கள். நம்மைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கு அந்தச் சான்று இருந்தால், அவரைக் கவனிக்கும் மத்திய அரசு ஊழியர் வழக்கமான சுழற்சி இடமாற்றத்திலிருந்து விலக்கு கேட்கலாம்.

இந்த மலரை மூடிவைப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் கணக்கில் ஈ.எல். எத்தனை, அரைச்சம்பளம் எத்தனை என்று பார்த்து ஒரு தாளில் எழுதி, கூடப்பிறந்தவர்களிடமும் கேட்டு அவர்கள் கணக்கையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ராத்திரியில் போன் வரும்போது யார் முதலில் போவது, யார் பிறகு வருவது என்பதை அந்தத் தாளைப் பார்த்தே முடிவு செய்துவிடலாம்.